எட்டு நிமிட வீடியோவுக்கு எத்தனை வாரம்?

கேள்வி: ஏற்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தூர்ந்து போன ஊற்று ஒன்றை ஊர்க்காரர்களே சேர்ந்து மீட்டோம். அதை வைத்து 8 நிமிட வீடியோ ஒன்று செய்கிறோம். மூன்று போன்களில் எடுத்தது மொத்தம் 5 மணி 40 நிமிடம். அதில் ஆறு பேருடைய பேட்டி மட்டும் 2 மணி நேரம். எடிட் செய்வது நான் ஒருவன்தான். சேலத்தில் வேலை. வாரத்தில் மூன்று இரவு ஒன்றரை மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் உட்கார முடியும். அக்டோபர் 2 கிராம சபையில் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார்கள். "எட்டு நிமிஷம்தானே, ரெண்டு வாரத்துல முடிச்சுரலாம்" என்று சொல்லிவிட்டேன். இன்று ஆகஸ்ட் 18. நான் சொன்னது நடக்குமா? இந்த மாதிரி வேலைக்கு எப்படி நாள் கணக்குப் போடுவது?

பதில்: நடக்காது. இரண்டு வாரம் மட்டுமல்ல, அக்டோபர் 2-க்குள்ளும் அந்த எட்டு நிமிடப் படம் முடியாது. மூன்று நிமிடப் படம் ஒன்று முடியும். எப்படி என்று பார்ப்போம்.

"எட்டு நிமிஷம்தானே" என்பதில்தான் கணக்கு தவறுகிறது. சேகோ ஃபேக்டரியில் எத்தனை மூட்டை ஜவ்வரிசி வேண்டும் என்று கேட்டு யாரும் வேலை நேரம் சொல்ல மாட்டார்கள். எத்தனை லோடு கிழங்கு இறங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். எடிட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலை, எடுத்து வைத்திருப்பதன் அளவைப் பொறுத்தது. உங்களிடம் இருப்பது 340 நிமிடம். அதிலிருந்து 8 நிமிடம் என்றால் நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே. மீதியைத் தள்ளுவதற்கும் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும்.

ஆகவே கணக்கை மூன்று கட்டமாகப் போடுங்கள். முதலில் வேலை எத்தனை மணி நேரம். அடுத்து, உங்கள் வாரத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது. கடைசியாக, மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் நாட்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பி "ரெண்டு வாரம்" என்று ஒரே வாயில் சொல்வதால்தான் எல்லாத் தேதியும் பொய்யாகிறது.

மூன்று போனில் இருப்பதை ஒரே இடத்தில் சேர்ப்பதில் ஆரம்பிப்போம். 4கே-யில் எடுத்திருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 340 நிமிடத்துக்கு 120 ஜிபி அளவில் வரும். போனிலிருந்து சாதாரண கேபிளில் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பிறகு இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல். இதில் யாராவது ஒருவர் "வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேனே" என்பார். அப்படி வந்த கிளிப் சுருக்கப்பட்டிருக்கும். திரையில் போட்டால் மங்கலாகத் தெரியும். அசல் ஃபைல் வேண்டும் என்று கேட்டு, அவர் மலையிலிருந்து பென் டிரைவில் கொடுத்தனுப்ப ஒரு வாரம் போகும். அதனால் முதல் நாளே ஒவ்வொரு கிளிப்பின் அளவையும் பாருங்கள். ஐந்து நிமிடக் கிளிப் 30 எம்பி-தான் இருக்கிறது என்றால் அது வாட்ஸ்அப் நகல்.

இன்னொரு தொல்லை, போன் வீடியோவின் ஃபிரேம் வேகம். பெரும்பாலான போன்கள் ஒரே சீரான வேகத்தில் எடுப்பதில்லை. வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். குரலை வேறொரு போனில் தனியாகப் பதிவு செய்திருந்தால், இருபது நிமிடப் பேட்டியின் தொடக்கத்தில் வாயும் குரலும் ஒத்துப் போகும், கடைசியில் விலகி நிற்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: நீளமான கிளிப்பின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். MediaInfo என்ற மென்பொருளில் திறந்தால் Frame rate mode என்ற வரியில் Variable என்று இருக்கும். அப்படியானால் டைம்லைனில் ஏற்றுவதற்கு முன்பே ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்துச் சீரான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i petti1.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k petti1_cfr.mp4
```

பழைய லேப்டாப்பில் இது, கிளிப் எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஓடும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம். உங்கள் நேரம் இதில் போகாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக ஒட்டி ஓடவிடாதீர்கள். நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால், பாதி எழுதிய எம்பி4 ஃபைல் திறக்காது. தனித்தனி ஃபைலாக இருந்தால் போவது ஒன்றுதான். சேர்ப்பது, பெயர் வைப்பது, நகல் எடுப்பது எல்லாம் சேர்த்து நீங்கள் உட்கார வேண்டியது 2 மணி நேரம்.

அடுத்தது பார்க்கும் வேலை. பேட்டியைச் சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது. நல்ல வாக்கியம் எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்று நிறுத்திக் குறிக்க வேண்டும். அப்படிச் செய்தால் பேட்டியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். 2 மணி நேரப் பேட்டிக்கு 4 மணி நேரம். சொல்லுக்குச் சொல் எழுதி எடுக்க நினைக்காதீர்கள்; அது ஒரு மணி நேரப் பேட்டிக்கே ஒரு வாரத்தைத் தின்றுவிடும். சாரத்தை ஒரு வரியில் எழுதி நேரத்தைக் குறித்தால் போதும். மீதி 3 மணி 40 நிமிடம் மண் வெட்டுவது, தண்ணீர் சுரப்பது, பாறை, மரம் போன்ற விஷுவல்கள். இவற்றை வேகமாக ஓட்டிப் பார்த்து நல்லதை மட்டும் குறித்துக்கொண்டால் 2 மணி நேரத்தில் முடியும்.

இந்தப் பார்க்கும் வேலையை ஹெட்போன் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மலை முகட்டில் எடுத்த பேட்டியில் படம் அருமையாக இருக்கும்; காற்று மைக்கில் அடித்துக் குரலைக் குதறியிருக்கும். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அந்தக் காற்றின் அடித்தொனி கேட்கவே கேட்காது. கிராம சபையில் பெரிய பாக்ஸில் போட்டதும் "டபடப"வென்று இடிக்கும். லேசான இரைச்சல் என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டால் பெருமளவு அடங்கும். காற்று வேகமாக அடித்து ஒலி உடைந்திருந்தால் எந்த ஃபில்டராலும் குரலை மீட்க முடியாது; அவரிடமே மறுபடி பேச வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு நேரம் கிடைத்து, நீங்கள் மேலே போய்... அதற்கே ஒரு வாரம். இது முதல் வாரத்தில் தெரிந்தால் தாங்கலாம். ஐந்தாவது வாரத்தில் தெரிந்தால் உங்கள் தேதி அதோடு போயிற்று.

வெட்டுவதற்கு முன் ஒரு தாளில் வரிசை எழுதுங்கள்: யார், எந்த வாக்கியம், எத்தனை நொடி. கூட்டிப் பார்த்தால் முதலில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வரும். தாளிலேயே அடித்துக் குறைத்துவிடுங்கள். இதற்கு 3 மணி நேரம் ஒதுக்குங்கள். பலரும் இதைத் தாண்டிவிட்டு நேரே டைம்லைனில் இழுத்துப் போட ஆரம்பிக்கிறார்கள். மிச்சப்படுத்தியதாக நினைக்கும் அந்த மூன்று மணி நேரம் பின்னால் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

இதற்குப் பிறகுதான் கணக்கில் எட்டு நிமிடம் வருகிறது. பேட்டி வாக்கியங்களை வரிசையாக அடுக்கி ரஃப் கட் செய்ய, முடிந்த படத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 6 மணி நேரம். பேச்சின் மேல் விஷுவல் போட்டு மூட, நிமிடத்துக்கு அரை மணி நேரம் வீதம் 4 மணி நேரம். ஆறு பேட்டியின் ஒலியைச் சுத்தம் செய்து எல்லாக் குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர 4 மணி நேரம். மூன்று போனும் மூன்று நிறத்தில் எடுத்திருக்கும். அதைச் சமன் செய்ய 1 மணி நேரம் போதும், அதற்கு மேல் இதில் உட்காராதீர்கள். இசை தேட 2 மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று தோன்றும், ஆகாது. சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டுப் பிறகு யூடியூபில் ஏற்றும்போது உரிமைக் கோரிக்கை வந்தால், இசையை மாற்றி மறுபடி முழுப் படத்தையும் ஃபைலாக வெளியெடுக்க வேண்டியிருக்கும். முதலிலேயே YouTube Audio Library-யில் உரிமப் பிரச்சினை இல்லாததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டிலுக்கும் பெயர்ப் பட்டைக்கும் 2 மணி நேரம். இங்கே தமிழுக்கே உரிய ஒரு வலை இருக்கிறது. சில எடிட்டிங் மென்பொருளில் "கொடுத்தோம்" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். புள்ளி எழுத்தை விட்டுத் தள்ளி விழும். மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியை இயக்கினாலோ, யூனிகோட் எழுத்துரு ஒன்றுக்கு மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். எதுவும் உதவவில்லை என்றால் பெயர்ப் பட்டைகளை வெளியே படமாகச் செய்து உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்குத் தனியாக இன்னும் இரண்டு மணி நேரம். முதல் நாளே "கொ, சோ, ஸ்ரீ, க்ஷ" என்று நான்கு எழுத்தை அடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பெயர்களை அந்தந்த ஆளிடமே எழுதி வாங்குங்கள். ஊர்ப் பெரியவர் பெயரில் ஒரு எழுத்து தப்பினால் கூட்டத்தில் வேறெதுவும் பேசப்படாது.

மற்றவர்கள் சொல்லும் திருத்தங்களுக்கு 4 மணி நேரம், வெளியெடுத்து முழுதாக ஒரு முறை பார்த்துப் பென் டிரைவில் போட்டுச் சோதிக்க 2 மணி நேரம். சோதனை என்றால் உங்கள் லேப்டாப்பில் அல்ல, கிராம சபையில் புரொஜெக்டரோடு இணைக்கப் போகிற அதே லேப்டாப்பில், அதே ஸ்பீக்கரில். 1080 அளவில் H.264 எம்பி4 ஆகக் கொடுத்தால் பழைய மெஷினிலும் ஓடும். எட்டு நிமிடம் 600 எம்பி வாக்கில் வரும். இதை மலையில் போன் நெட்டில் அனுப்ப நினைத்தால், விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தாலே 40 நிமிடம். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. கடைசி ஃபைலைக் கையில் கொண்டு போங்கள்.

கூட்டிப் பார்ப்போம். சேர்ப்பதும் பார்ப்பதும் 8 மணி நேரம். தாள் வேலை, ரஃப் கட், விஷுவல் 13. ஒலி, நிறம், இசை, எழுத்து 9. திருத்தமும் வெளியெடுப்பும் 6. மொத்தம் 36 மணி நேரம். இதன் மேல் கால் பங்கு, அதாவது 9 மணி நேரம் சேருங்கள். காணாமல் போகும் ஃபைல், தொங்கிப் போகும் மென்பொருள், மறுபடி எடுக்க வேண்டிய ஒரு ஷாட் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது. ஆக 45 மணி நேரம்.

இப்போது உங்கள் வாரம். மூன்று இரவும் ஞாயிறும் சேர்த்து ஏழரை மணி நேரம் என்கிறீர்கள். அது உட்காரும் நேரம், வேலை நடக்கும் நேரம் அல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன தடவை எங்கே விட்டோம் என்று பிடிக்க இருபது நிமிடம் போகும். எட்டு மணி நேரம் தொடர்ந்து உட்காரும் தொழில்முறை எடிட்டர் அந்த இருபது நிமிடத்தை நாளுக்கு ஒரு முறை கொடுக்கிறார். துண்டு துண்டாக உட்காரும் நீங்கள் வாரத்துக்கு நான்கு முறை கொடுக்கிறீர்கள். ஒரு இரவில் மிஞ்சுவது 70 நிமிடம். மூன்று இரவில் ஒன்று எப்படியும் ஓவர்டைம், தலைவலி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று போய்விடும். இரண்டு இரவுக்கு 140 நிமிடம், ஞாயிறு 160 நிமிடம், மொத்தம் 300 நிமிடம். வாரத்துக்கு 5 மணி நேரம், அவ்வளவுதான்.

45 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் ஒன்பது வாரம். ஆகஸ்ட் 18-லிருந்து எண்ணினால் அக்டோபர் 20. ஊர்க்காரர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லக் காத்திருப்பது இன்னும் ஒரு வாரம், ஆக அக்டோபர் 27. இதில் ஆயுத பூஜை வாரத்தையும் தீபாவளி வாரத்தையும் நான் இன்னும் கழிக்கவில்லை. அந்த வாரங்களில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது என்றே எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். ஆயுத பூஜை வாரம் ஒன்றைக் கழித்தாலே அதுவும் கைக்கு எட்டாது.

இரவில் அதிக நேரம் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். இரவு பன்னிரண்டுக்கு மேல் செய்த வெட்டுகளை மறுநாள் அவிழ்த்துக் கட்டுவதே வழக்கம். குறைக்க வேண்டியது படத்தின் அளவை.

அக்டோபர் 2-க்கு மூன்று நிமிடப் படம். ஆறு பேரில் இருவர் மட்டும்: ஊற்று முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரு வயதானவர், தூர்வாரும் வேலையை முன்னின்று நடத்திய ஒருவர். அந்த இருவர் பேட்டியும் சேர்ந்து 45 நிமிடம் என்று வைத்தால், எல்லா ஃபுட்டேஜையும் சேர்ப்பதோடு சேர்த்துப் பார்க்கும் வேலை நாலரை மணி நேரம். தாள், வெட்டு, விஷுவல் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒலி, இசை, எழுத்து, நிறம் நான்கு. திருத்தமும் வெளியெடுப்பும் மூன்றரை. வெளியெடுத்துச் சோதிக்கும் நேரம் மட்டும் படம் குறைந்தாலும் குறையாது, கவனியுங்கள். மொத்தம் 17 மணி நேரம், கால் பங்கு சேர்த்து 21. நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். செப்டம்பர் 15 வாக்கில் வேலை முடியும். கருத்துக்குக் காத்திருக்கும் ஒரு வாரத்தோடு செப்டம்பர் 22. பத்து நாள் கையில் இருக்கும். கிராம சபைத் தேதியே சில வருடங்களில் தள்ளிப் போவதுண்டு. அதை நம்பி மட்டும் அந்தப் பத்து நாளைச் செலவழித்துவிடாதீர்கள்.

எட்டு நிமிடப் படத்தை ஜனவரி 26 கிராம சபைக்கு வையுங்கள். சின்னப் படத்துக்குச் செய்ததில் ஏழு மணி நேர வேலையாவது இதற்கும் உதவும். மீதி 38 மணி நேரம், எட்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அக்டோபர் முதல் வாரம் கழித்துத் தொடங்கி, தீபாவளிக்கும் கருத்துக்கும் ஒவ்வொரு வாரம் விட்டால் டிசம்பர் நடுவில் முடியும். இதில் ஒரு எச்சரிக்கை: ரஃப் கட்டை நவம்பர் நடுவுக்குள் ஊரில் போட்டுக் காட்டிவிடுங்கள். அதன் பிறகு காப்பி பழம் பறிக்கும் வேலை மும்முரமாகிவிட்டால், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படம் பார்க்க ஆள் கிடைக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் மலையில் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வருவது உங்களுக்கே தெரியும்.

இப்போது காத்திருக்கும் நாட்கள். தன்னார்வ வேலையில் தேதியை அதிகம் தள்ளுவது இதுதான். ரஃப் கட்டை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதல் நாள் கைதட்டல் ஸ்டிக்கர்கள் வரும். நான்காவது நாள் ஒருவர் நீளமாகக் குரல் பதிவு அனுப்புவார். பத்தாவது நாள், எல்லாம் முடிந்த பிறகு, "எங்க சித்தப்பா பேசினதைக் காணோமே" என்று ஒருவர் கேட்பார். அந்தச் சித்தப்பாவின் 40 நொடியை ரஃப் கட் நிலையில் சேர்க்க 20 நிமிடம் போதும். எல்லாம் முடிந்த பிறகு சேர்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் விஷுவல், இசையின் ஏற்ற இறக்கம், சப்டைட்டில் நேரம் எல்லாம் 40 நொடி நகரும். அவர் ஒலியைத் தனியாகச் சுத்தம் செய்து, மறுபடி வெளியெடுத்து, மறுபடி முழுதாகப் பார்த்து... மூன்று மணி நேரம். உங்கள் வாரத்தில் பாதிக்கு மேல்.

அதனால் குழுவில் போடாதீர்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவரையும் சம்பந்தப்பட்ட நான்கைந்து பேரையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, லேப்டாப்பில் இரண்டு முறை ஓட்டுங்கள். திரையின் மூலையில் நேரம் ஓடும்படி வைத்து, ஒவ்வொரு கருத்தையும் "1:42, அந்த ஷாட் வேறு ஊற்று" என்பது போல எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாள் இழுக்கும் வேலை முக்கால் மணி நேரத்தில் முடியும். இந்த முதல் சுற்றில் யாரைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்பதைப் பேசலாம். இரண்டாவது சுற்றில் எழுத்துப் பிழை, தவறான பெயர், ஒலி மட்டும். யாராவது இருவருக்குள் கருத்து வேறுபட்டால் யார் சொல்வது முடிவு என்பதையும் அன்றே ஒருவர் பெயரில் நிறுத்துங்கள். பிள்ளைகள் முகம் தெரிகிற ஷாட்டுக்கு வீட்டில் சம்மதம் வாங்கியாயிற்றா என்பதும் அங்கேயே முடிய வேண்டிய விஷயம்.

ஏற்கனவே சொன்ன இரண்டு வாரத்தை ஒரு வாரத்துக்குள் திருத்திவிடுங்கள். நாள் போகப் போகச் சொல்வது கஷ்டம். ஒரே தேதி கொடுக்காமல் மூன்று தேதி கொடுங்கள். இப்படி எழுதலாம்: "அண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 2-க்கு 3 நிமிடப் படம் தருகிறேன். 8 நிமிடம் ஜனவரி 26-க்கு. செப்டம்பர் 7-க்குள் ரஃப் கட் காட்டுகிறேன். மாற்றம் எல்லாம் செப்டம்பர் 11-க்குள் சொல்லிவிடுங்கள். முடிந்த ஃபைல் 22-ஆம் தேதி. கருத்து எத்தனை நாள் தாமதமாகிறதோ, ஃபைலும் அத்தனை நாள் தள்ளும்." கடைசி வாக்கியத்தை மரியாதைக்காக விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

ஆனால் இந்தச் செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிறு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நான் போட்டிருக்கும் முக்கால் மணி, அரை மணி எல்லாம் ஓரளவு பழகிய கைக்கும், சுமாரான லேப்டாப்புக்கும் பொருந்தும் தொடக்க எண்கள். உங்கள் எண் வேறாக இருக்கலாம். அந்த இருவரில் ஒருவரின் பேட்டியிலிருந்து சரியாக ஒரு நிமிடப் படத்தை முழுதாக முடித்துப் பாருங்கள்: வெட்டு, விஷுவல், ஒலி, சப்டைட்டில். ஒவ்வொன்றுக்கும் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு எழுதுங்கள். முதல் தடவை என்பதால் மெதுவாக வந்தது என்று நீங்களே கழித்துவிடாதீர்கள். அடுத்த நிமிடத்தில் வேறு சிக்கல் வரும்.

என் எண்களின்படி அந்த ஒரு நிமிடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். அந்த அளவில் வந்தால் மேலே உள்ள தேதிகளை அப்படியே அனுப்புங்கள். மூன்று மணி நேரம் ஆனால் வேலை முடிவதும் காத்திருப்பதும் சேர்ந்து செப்டம்பர் 29-ஐத் தொட்டுவிடும். மூன்று நாள்தான் மிஞ்சும், அதனால் படத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்துச் சொல்லுங்கள். அதற்கும் மேலே போனால் ஒரே ஒருவர் குரல், அதன் மேல் ஊற்றில் தண்ணீர் வருகிற ஷாட்டுகள், ஒன்றரை நிமிடம்.